ரிப்போர்ட்ல 'ஐஎன்ஆர் ஹை'ன்னு வந்தா மாத்திரையை நிறுத்தலாமா? வார்ஃபரின் சாப்பிடுறவங்க ரத்தப் பரிசோதனையைப் படிப்பது எப்படி?

காலையில் லேபில் ரத்தம் கொடுக்கிறீர்கள். மதியம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வருகிறது. ஐஎன்ஆர் 2.8 என்று போட்டு, பக்கத்தில் தடித்த எழுத்தில் 'ஹை' என்றும் இருக்கிறது. நார்மல் அளவு 0.8 முதல் 1.2 வரை என்று அதே வரியில் அச்சிட்டிருக்கிறார்கள். "அய்யோ, ரெண்டு மடங்குக்கு மேல இருக்கே" என்று பதறி, அன்றைக்கு ராத்திரி மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

ஆனால் இதயத்தில் செயற்கை வால்வு வைத்துக்கொண்டு வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு 2.8 என்பது நல்ல எண். மருத்துவர் எதிர்பார்ப்பதும் அதைத்தான். ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த 'நார்மல்' அளவு, இந்த மாத்திரையே சாப்பிடாதவர்களுக்கானது.

அப்படின்னா எந்த எண்ணைப் பார்க்கணும்? கீரை சாப்பிடலாமா, கூடாதா? டோஸை மாற்றினால் ஏன் அடுத்த நாளே தெரிவதில்லை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வார்ஃபரின் உடம்புக்குள் என்ன செய்கிறது?

'ரத்தத்தை இளக வைக்கிற மாத்திரை' என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் ரத்தம் இளகுவதில்லை. அது உறைய எடுத்துக்கொள்ளும் நேரம்தான் கூடுகிறது.

ரத்தம் உறைவதற்குத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் தயாரிக்கிறது. அந்தப் புரதங்கள் வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கே-வை உடம்பு தூக்கிப் போடுவதில்லை, திரும்பப் புதுப்பித்துப் பயன்படுத்துகிறது. வார்ஃபரின் அந்தப் புதுப்பிக்கும் வேலையைத் தடுக்கிறது. அதனால் உறைய வைக்கும் புரதங்கள் குறைகின்றன.

ஆக, ஒரு பக்கம் மாத்திரை. இன்னொரு பக்கம் சாப்பாட்டில் வரும் வைட்டமின் கே. இது ஒரு தராசு மாதிரி. ஐஎன்ஆர் என்பது அந்தத் தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் முள். முள் நகர்ந்தால், எந்தத் தட்டில் எடை மாறியது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

பி.டி. என்பது என்ன, ஐஎன்ஆர் என்பது என்ன?

பி.டி. என்பது புரோத்ராம்பின் டைம். நீல மூடி போட்ட டியூபில் ரத்தம் எடுப்பார்கள். அதில் ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் திரவம் முன்கூட்டியே இருக்கும். பிறகு லேபில் அந்த ரத்தத்தின் பிளாஸ்மாவைப் பிரித்து, உறைவதைத் தூண்டும் ரசாயனத்தைச் சேர்த்து, எத்தனை விநாடியில் உறைகிறது என்று அளக்கிறார்கள். மாத்திரை சாப்பிடாதவருக்குப் பெரும்பாலும் 11 முதல் 13 விநாடி வரை ஆகும்.

இங்கே ஒரு சிக்கல். அந்த ரசாயனம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே ஆளின் ரத்தம் ஒரு லேபில் 30 விநாடியும் இன்னொரு லேபில் 24 விநாடியும் காட்டலாம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1983-ல் உலக சுகாதார நிறுவனம் ஐஎன்ஆர் என்ற பொது அளவைக் கொண்டுவந்தது. கணக்கு இதுதான்:

```
INR = (Patient PT ÷ Control PT) ^ ISI
```

முதலில் உங்கள் விநாடியை, நார்மல் ஆட்களின் சராசரி விநாடியால் வகுக்கிறார்கள். பிறகு ஐஎஸ்ஐ என்ற எண்ணை அடுக்காகப் போடுகிறார்கள். லேப் வாங்கிய ரசாயனம் எவ்வளவு கூர்மையானது என்பதைச் சொல்லும் எண் அது.

போட்டுப் பார்ப்போம். முதல் லேபில் உங்களுக்கு 30 விநாடி, கன்ட்ரோல் 12, ஐஎஸ்ஐ 1.0. வகுத்தால் 2.5, ஐஎன்ஆரும் 2.5. இரண்டாவது லேபில் 24 விநாடி, கன்ட்ரோல் 12, ஐஎஸ்ஐ 1.3. வகுத்தால் 2, அதற்கு 1.3 அடுக்கு போட்டால் கிட்டத்தட்ட 2.5. விநாடி வேறு வேறு, ஐஎன்ஆர் ஒன்றுதான்.

அதனால் வார்ஃபரின் சாப்பிடுபவர் 'போன மாசம் 24 விநாடி, இந்த மாசம் 30 விநாடி' என்று ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது ஐஎன்ஆர் மட்டும். அப்படியும் முடிந்தவரை ஒரே லேபில் கொடுப்பது நல்லது, சின்னச் சின்ன வித்தியாசங்கள் குறையும்.

இன்னொரு விஷயம். நீல மூடி டியூபில் கோடு வரை ரத்தம் நிரம்ப வேண்டும். பாதியில் நின்றுவிட்டால் சிட்ரேட்டின் பங்கு கூடி, ஐஎன்ஆர் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். எந்தக் காரணமும் இல்லாமல் எண் திடீரென்று எகிறினால், டோஸை மாற்றும் முன் மறுபடி ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்ப்பது இதனால்தான். இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறாகப் போக வேண்டிய அவசியம் இல்லை.

எனக்கு எந்த எண் சரி?

அது நீங்கள் எதற்காக மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

- காலில் அல்லது நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தவர்கள், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாத ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்கள்: பெரும்பாலும் 2 முதல் 3 வரை.
- இதயத்தின் மைட்ரல் வால்வை மாற்றி மெட்டல் வால்வு வைத்தவர்கள்: பெரும்பாலும் 2.5 முதல் 3.5 வரை.
- அயோர்டிக் வால்வை மாற்றியவர்களில் பலருக்கு: 2 முதல் 3 வரை.

வால்வின் வகை, மற்ற நோய்கள் ஆகியவற்றைப் பொறுத்து மருத்துவர் இதை மாற்றலாம். உங்களுக்கான இலக்கைக் கேட்டு, வார்ஃபரின் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இலக்கு தெரியாமல் ஐஎன்ஆரைப் பார்ப்பதில் பயன் இல்லை.

எண் இலக்குக்குக் கீழே போனால் ரத்தம் கட்டும் ஆபத்து. மேலே போனால் ரத்தம் கசியும் ஆபத்து. பலர் மேலே போவதற்கு மட்டும் பயப்படுகிறார்கள். மெட்டல் வால்வு உள்ளவருக்குக் கீழே போவதும் அதே அளவுக்கு ஆபத்துதான். வால்வில் கட்டி படிந்து அது திறந்து மூடுவது தடைபடலாம், அல்லது கட்டி மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம்.

கீரையால் இறங்கியது, கீரையை விட்டதும் ஏறியது: ஒரு உதாரணம்

இது எப்படி நடக்கும் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 48 வயது அம்மா ஒருவர். மைட்ரல் வால்வு மாற்றி 6 வருஷம் ஆகிறது. இலக்கு 2.5 முதல் 3.5. தினமும் ராத்திரி 5 மில்லி கிராம் வார்ஃபரின், அதாவது வாரத்துக்கு 35 மில்லி கிராம். பல மாதமாக ஐஎன்ஆர் 2.9, 3.0 என்று நிலையாக இருக்கிறது.

"உனக்கு ரத்தம் கம்மியா இருக்கு, தினமும் முருங்கைக்கீரை சாப்பிடு" என்று அக்கா சொல்கிறார். தினமும் மதியம் ஒரு கப் பொரியல், சாயங்காலம் சூப். இரண்டு வாரம் கழித்து ஐஎன்ஆர் 2.1.

கிளினிக்கில் "மாத்திரை ஏதாவது விட்டுப்போச்சாம்மா?" என்று கேட்கிறார்கள். "இல்லைங்க, ஒருநாள்கூட விடலை." அது உண்மைதான். சாப்பாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வாரத்தில் ஐந்து நாள் 5, இரண்டு நாள் 7.5 என்று டோஸை ஏற்றுகிறார்கள். இப்போது வாரத்துக்கு 40 மில்லி கிராம். இரண்டு வாரத்தில் ஐஎன்ஆர் 2.8. எல்லோருக்கும் நிம்மதி.

இங்கேதான் யாருக்கும் தெரியாமல் ஒரு விஷயம் நடந்திருக்கிறது. அந்த 40 என்பது, தினமும் ஒரு கப் முருங்கைக்கீரையோடு சேர்ந்தால் மட்டுமே சரியான டோஸ்.

அடுத்த மாதம் பல் வலி, ஈறு வீக்கம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மெட்ரோனிடசோல் வாங்கிச் சாப்பிடுகிறார். வாய் வலியால் கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது, கீரை நின்றுவிட்டது. ஆறாவது நாள் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவில்லை. கையில் அடிபடாமலே நீல நிறத் தழும்பு. ஐஎன்ஆர் 6.2.

மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. ஒன்று, ஏற்றி வைத்த டோஸ். இரண்டு, அந்த டோஸுக்கு எதிர்த்தட்டில் இருந்த கீரை காணாமல் போனது. மூன்று, மெட்ரோனிடசோல். வார்ஃபரினைக் கல்லீரல் உடைத்து வெளியேற்றுவதை இந்த மருந்து தடுக்கிறது. அதனால் அதே மாத்திரை, உடம்பில் அதிக மாத்திரை சாப்பிட்ட மாதிரி வேலை செய்கிறது.

மருத்துவர் மெட்ரோனிடசோலை நிறுத்தி, வார்ஃபரினை இரண்டு ராத்திரி நிறுத்தி வைக்கிறார். இடையில் தினமும் பரிசோதனை. மூன்றாவது நாள் 3.4. மறுபடி பழைய 35 மில்லி கிராமில் தொடங்குகிறார். ஒரு வாரம் கழித்து 2.9.

"வைட்டமின் கே ஊசி போட்டிருந்தா உடனே இறங்கியிருக்குமே?" என்று கேட்கலாம். இறங்கும். ஆனால் தேவைக்கு மேல் இறங்கி, சில நாட்களுக்கு வார்ஃபரினே வேலை செய்யாமல் போகலாம். மெட்டல் வால்வு உள்ளவருக்கு அது பெரிய ஆபத்து. பெரிய ரத்தக்கசிவு இல்லாதபோது மருத்துவர்கள் பொறுமையாக இறக்குவது இதனால்தான். கடுமையான ரத்தக்கசிவு என்றால் கதையே வேறு. அப்போது ஆஸ்பத்திரியில் வேகமாக மாற்று மருந்து கொடுத்தே ஆக வேண்டும்.

2.1 வந்த அன்றைக்கே "ரெண்டு வாரமா தினமும் முருங்கைக்கீரை சாப்பிடுறேன்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால், மருத்துவருக்கு இரண்டு வழி இருந்திருக்கும். கீரையைத் தொடரச் சொல்லி டோஸை ஏற்றி, அதை நோட்டில் எழுதியிருக்கலாம். இல்லையென்றால் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பச் சொல்லி, சில நாளில் மறுபரிசோதனை செய்து, அதுவரை கட்டி வராமல் பாதுகாப்பு தேவையா என்று முடிவெடுத்திருக்கலாம்.

அப்போ கீரையே சாப்பிடக் கூடாதா?

சாப்பிடலாம். கீரையை முழுசாக ஒதுக்குவது தீர்வு இல்லை. வைட்டமின் கே மிகக் குறைவாகச் சாப்பிடுபவர்களுக்கு உடம்பில் இருப்பும் குறைவு. அதனால் ஒரு கல்யாண விருந்தில் சாப்பிட்ட கீரைக் கூட்டுகூட அவர்களின் ஐஎன்ஆரை ஆட்டிவிடும். தினமும் ஓரளவு சாப்பிடுபவருக்கு அந்த ஆட்டம் குறைவு.

வைட்டமின் கே அதிகம் இருப்பது கரும்பச்சை இலைகளில். பச்சையாக 100 கிராம் பசலையில் சுமார் 480 மைக்ரோகிராம், கொத்தமல்லித் தழையில் சுமார் 310, முட்டைக்கோஸில் சுமார் 75. தக்காளியில் 8-க்குப் பக்கம்தான். அரிசி, வாழைப்பழம் எல்லாம் கணக்கிலேயே வராது.

இதில் அளவைப் பாருங்கள். ரசத்தில் தூவும் கொத்தமல்லி இரண்டு மூன்று கிராம்தான், அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு கட்டு கொத்தமல்லியை அரைத்துத் துவையல் செய்து தொடர்ந்து சாப்பிட்டால் அது கீரைக்குச் சமம். புதினாத் துவையலும் அப்படித்தான்.

வழி எளிது. வாரத்தில் இரண்டு நாள் கீரை சாப்பிடுகிறவர் என்றால், எல்லா வாரமும் அதே இரண்டு நாள், அதே அளவு. அதற்கு ஏற்ற டோஸை மருத்துவர் கண்டுபிடித்துக்கொள்வார். திடீரென்று டயட் தொடங்கும்போது, விரதம் இருக்கும்போது, வயிற்றுப்போக்கு அல்லது காய்ச்சலால் நான்கைந்து நாள் சாப்பாடு இறங்காதபோது சொல்லிவிடுங்கள். சாப்பாடு குறைந்தால் ஐஎன்ஆர் ஏறும்.

டோஸை மாற்றினால் ஏன் உடனே தெரியாது?

வார்ஃபரின் புதுப் புரதம் வேலை செய்வதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் புரதங்கள் தானாகக் குறைய வேண்டும். அதில் ஒன்று சுமார் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆனால் புரோத்ராம்பின் பாதியாக இரண்டரை, மூன்று நாள்கூட ஆகும். அதனால் இன்றைக்குச் சாப்பிட்ட மாத்திரையின் விளைவு இரண்டு மூன்று நாள் கழித்துத் தெரியத் தொடங்கும். முழு விளைவு தெரிய ஒரு வாரம்வரை ஆகலாம்.

இன்றைய ஐஎன்ஆர் சொல்வது கடந்த சில நாட்களின் கதையை. நேற்று மாத்திரையை மறந்துவிட்டு இன்று காலை ரத்தம் கொடுத்தால், எண் நன்றாகவே இருக்கும். இறக்கம் பிறகுதான் தெரியும். அதனால் மறந்ததை, ரிப்போர்ட் நன்றாக இருந்தாலும், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதே காரணத்தால் மருத்துவர்கள் ஒரு நாள் டோஸைப் பார்க்காமல் வார மொத்தத்தைப் பார்க்கிறார்கள். மாற்றம் பெரும்பாலும் 5 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கும். 35-ஐ 37.5 ஆக்குவது சின்ன மாற்றம்தான், ஆனால் ஐஎன்ஆரை நகர்த்தப் போதும். ரொம்ப நாளாக நிலையாக இருந்தவருக்கு ஒரே ஒருமுறை எண் கொஞ்சம் விலகினால், டோஸைத் தொடாமல் ஒன்றிரண்டு வாரத்தில் மறுபரிசோதனை செய்யச் சொல்வதும் உண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் டோஸை மாற்றிக்கொண்டே இருந்தால், முள் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும்.

மாத்திரையை ராத்திரி சாப்பிடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. காலையில் ரத்தம் கொடுத்து, மதியம் ரிப்போர்ட் வந்து, டோஸ் மாற்ற வேண்டும் என்றால் அன்றைக்கே மாற்றலாம். ஒரு வேளை மறந்துபோனால், அன்றைக்குள் ஞாபகம் வந்தால் சாப்பிடலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால், சேர்த்து இரண்டு மாத்திரை போடக் கூடாது.

'ஒரு மாத்திரை', 'ஒன்றரை மாத்திரை' என்று பேசுவதும் ஆபத்து. வார்ஃபரின் 1, 2, 5 மில்லி கிராம் எனப் பல அளவில் வருகிறது. 2 மில்லி கிராம் பட்டைக்குப் பதில் 5 மில்லி கிராம் பட்டை வந்துவிட்டால், 'ஒரு மாத்திரை' இரண்டரை மடங்கு ஆகிவிடும். எப்போதும் எத்தனை மில்லி கிராம் என்றே கேளுங்கள், எழுதுங்கள். சிலருக்கு அசினோகூமரால் என்ற வேறு மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதற்கும் ஐஎன்ஆர்தான் பார்க்கணும், ஆனால் மில்லி கிராம் கணக்கு வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வாங்கக் கூடாது.

எந்த மருந்துகளில் கவனம் வேண்டும்?

மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோல் ஆகியவை ஐஎன்ஆரை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர் எதிர். அது ஐஎன்ஆரை நன்றாக இறக்கிவிடும், டோஸை நிறைய ஏற்ற வேண்டி வரும். காசநோய் சிகிச்சை முடிந்து அந்த மாத்திரை நின்றதும், ஏற்றிய டோஸ் அப்படியே இருந்தால் சில வாரத்தில் ஐஎன்ஆர் எகிறும். ஆக, மருந்தைத் தொடங்கும்போது மட்டுமல்ல, நிறுத்தும்போதும் பரிசோதனை தேவை.

மூட்டு வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரோஃபென் வேறு வகை ஆபத்து. ஐஎன்ஆர் பெரிதாக மாறாமலே இவை வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும், எண் எச்சரிக்காது. வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் பரவாயில்லை. ஆனால் பல நாள் தொடர்ந்து போட்டால் அதுவும் ஐஎன்ஆரை ஏற்றும். "ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர்" என்று கேட்கும் பழக்கத்தையும் விடணும். தசையில் போடும் ஊசியால் உள்ளே ரத்தம் கட்டி வீங்கலாம்.

வால்வு மாற்றிய இளம் பெண்கள் கவனிக்க: வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசணும். நாள் தள்ளிப்போனால் உடனே போகணும். இரண்டிலும் தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

- கறுப்பாக, தார் மாதிரி மலம் போனால், சிறுநீரில் அல்லது வாந்தியில் ரத்தம் வந்தால்
- மூக்கில், ஈறில், காயத்தில் வரும் ரத்தம் 10 நிமிஷம் அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டால்
- தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும்
- திடீரென்று கடுமையான தலைவலி, வாய் கோணுதல், கை கால் பலமின்மை, பேச்சுக் குழறல் வந்தால்
- மெட்டல் வால்வு உள்ளவர்களுக்குத் திடீர் மூச்சுத் திணறல், அல்லது வழக்கமாகக் கேட்கும் வால்வின் 'டிக் டிக்' சத்தம் மங்கினால்

இதில் கடைசி இரண்டும் ஐஎன்ஆர் இறங்கி ரத்தம் கட்டியதாலும் வரலாம். வீட்டில் ஊகிக்க வேண்டாம்.

அடுத்த முறை ரத்தம் கொடுக்கப் போகும்போது நோட்டில் இந்த நான்கையும் எழுதிக் கொண்டுபோங்கள்: இந்த வாரம் மொத்தம் எத்தனை மில்லி கிராம் சாப்பிட்டேன், எந்த நாள் மறந்தேன், சாப்பாட்டில் என்ன மாறியது, புதுசாக எந்த மருந்து தொடங்கியது அல்லது நின்றது. அந்த 48 வயது அம்மாவின் நோட்டில் 2.1 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'முருங்கைக்கீரை, தினமும்' என்று இரண்டு வார்த்தை இருந்திருந்தால், மெடிக்கல் ஷாப் மாத்திரை வந்தபோதும் ஐஎன்ஆர் 6.2 வரை ஏறாமல் தடுக்க வழி இருந்திருக்கும்.